சினத்தில் எழுதிய கடிதமும் அதனைத் திரும்பப் பெறும் முறையும்

கூட்டுறவுச் சங்கங்களின் வேலையில் பாதி, எழுத்து வேலையாகும். நினைவூட்டுக் கடிதம், விளக்கம் கேட்கும் கடிதம், நிலுவை அறிவிப்பு, இக்காலத்தில் கைப்பேசிக் குழுவில் இடும் செய்தி என்று நாள்தோறும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இவற்றுள் ஏதேனும் ஒன்று சினத்தின் வேகத்தில் வரம்பு கடந்துவிடுவது உண்டு. அவ்வாறு போன சொல்லை எவ்வாறு திரும்பப் பெறுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். பிறர் கதையை முதலில் சொல்லுவதைவிட, நாமே செய்த பிழையிலிருந்து தொடங்குவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், கோவிற்பட்டிக்குக் கிழக்கே கரிசற்காட்டிலுள்ள ஒரு சங்கத்தின் பயிர்க்கடன் நிலுவைப் பட்டியல் உரிய நாளில் நம் கைக்கு வரவில்லை. புரட்டாசி மாதம், மேலிடத்தில் நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் தாமதமான பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அச்சங்கத்தின் செயலாளருக்கு நாம் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி பின்வருமாறு இருந்தது:

“மூன்று முறை நினைவூட்டியும் பட்டியல் வரவில்லை. இதனைப் பார்க்கும்போது, கணக்கில் மறைப்பதற்கு ஏதோ உண்டு என்றே கருத நேரிடுகிறது. பதிவேடுகளுடன் நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.”

கடிதத்தைத் தபாலில் சேர்த்ததோடு நில்லாமல், அதனைப் படம் எடுத்துச் செயலாளருக்கும் சங்கத் தலைவருக்கும் கைப்பேசியில் அனுப்பினோம். அன்றிரவே செயலாளரிடமிருந்து, “கடிதம் கண்டேன். பதிவேடுகளுடன் திங்கட்கிழமை வருகிறேன்” என்று பதில் வந்தது. வழக்கமாக, “ஐயா, வணக்கம்” என்று தொடங்கி, மழை பெய்ததா, உளுந்து முளைத்ததா என்பதையும் சேர்த்து எழுதுபவர் அவர். அன்று அவை ஒன்றும் இல்லை.

மறுநாட் காலையில் நம் அலுவலக உதவியாளர் செய்திகளைச் சரிபார்த்து ஒன்றைக் கூறினார். நாம் அனுப்பியதாகச் சொன்ன மூன்று நினைவூட்டுகளில் இரண்டு, முன்பிருந்த செயலாளரின் எண்ணுக்குப் போயிருந்தன. இப்போதைய செயலாளருக்குச் சென்றது ஒன்றே. அதுவும் மழை தொடங்கிய பிறகு சென்றது. கரிசல் மண்ணின் இயல்பை அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மழை பெய்துவிட்டால் மண் காலைப் பற்றிக்கொள்ளும், சக்கரம் உருளாது. மண் பாதையை நம்பிய ஊரிலிருந்து இரண்டு மூன்று நாள் வெளியே வர இயலாது. அந்த ஈரம் இருக்கும்போதே விதை விழவேண்டுமாதலால், அச்செயலாளர் அந்நாட்களில் காலை முதல் இருட்டும் வரை அங்கத்தினர்களுக்கு விதையை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நம் கடிதத்தில் மூன்று செய்திகள் கலந்திருந்தன. பட்டியல் வரவில்லை என்பது உண்மை. மூன்று முறை நினைவூட்டினோம் என்பது பிழை. கணக்கில் மறைப்பு உண்டு என்பது ஆதாரமற்ற பழி. சினத்தில் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைகின்றன. உண்மையான ஒரு குறையின்மீது, ஆராயாத செய்தி ஒன்றும் நோக்கத்தைப் பற்றிய பழி ஒன்றும் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. மறுகடிதம் எழுத உட்காருபவர், முதலில் தம் பழைய கடிதத்தை எடுத்துவைத்து, வாக்கியம் வாக்கியமாக இம்மூன்றையும் பிரித்துக் குறியிட வேண்டும். திரும்பப் பெற வேண்டியது பழி. திருத்த வேண்டியது பிழையான செய்தி. குறை மட்டும் நிற்க வேண்டும். இதனைப் பிரிக்காமல் எழுதினால், ஒன்று பழியும் நின்றுவிடும், அல்லது குறையும் போய்விடும்.

நாம் அந்தச் சனிக்கிழமை மூன்று முறை எழுதினோம். முதல் இரண்டும் அனுப்பத் தகாதவை. ஏன் தகாதவை என்பதை அறிவது பயனுடையதாகையால் அவற்றையும் இங்கே வைக்கிறோம்.

முதற்படி இது: “என் கடிதத்தால் தங்கள் மனம் புண்பட்டிருக்குமானால் வருந்துகிறேன். ஆனால் பட்டியலை உரிய காலத்தில் அனுப்பியிருந்தால் அவ்வாறு எழுத நேர்ந்திராது.” இதில் ‘புண்பட்டிருக்குமானால்’ என்ற சொல், புண்பட்டது அவருடைய மென்மையான மனத்தின் குறை என்பதுபோல் ஆக்கிவிடுகிறது. ‘ஆனால்’ என்ற அடுத்த சொல்லோ, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. இவ்விரண்டு சொற்களும் வந்த கடிதம், முதற் கடிதத்தின் இரண்டாம் பகுதியே ஒழிய மறுகடிதம் ஆகாது.

இரண்டாம் படி ஒரு முழுப் பக்கம் நீண்டது. மேலிடத்து நெருக்கடி, நம் உடல்நிலை, ஒரே மாதத்தில் பார்க்கவேண்டிய சங்கங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையெல்லாம் விவரித்து, இறுதியில் செயலாளரின் நேர்மையை நான்கு வரிகளில் புகழ்ந்திருந்தோம். படித்துப் பார்த்தபோது, அடிபட்டவரே அடித்தவருக்கு ஆறுதல் கூறவேண்டிய நிலை அதில் இருந்தது. நேற்றுப் பழித்தவன் இன்று புகழ்ந்தால் அப்புகழுக்கு மதிப்பும் இராது. அதனையும் கிழித்தோம்.

அனுப்பிய மூன்றாம் படி பின்வருமாறு:

“ஐயா, வணக்கம். நேற்றைய கடிதத்தில், கணக்கில் மறைப்பதற்கு ஏதோ உண்டு என்று எழுதியது தவறு. அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. அச்சொற்களைத் திரும்பப் பெறுகிறேன். நினைவூட்டுகளில் இரண்டு பழைய எண்ணுக்குச் சென்றுவிட்டன. அது எம் அலுவலகத்தின் பிழை. இவ்விரண்டுக்கும் வருந்துகிறேன். நிலுவைப் பட்டியல் தேவையே. பாதை உலர்ந்த பின், வியாழக்கிழமைக்குள் சேர்ந்தால் போதும்.”

இதனை அங்கத்தினர்கள் ஒரு மாதிரியாகக் கொள்ளலாம். எந்தச் சொல் தவறு என்பது அச்சொல்லாலேயே கூறப்பட்டிருக்கிறது. “முந்தைய கடிதத்தில் சில கடுமையான சொற்கள்” என்று மூடி மறைக்கப்படவில்லை. திரும்பப் பெறும் வினை எழுதியவர் பெயரில் நிற்கிறது. அலுவலகப் பழக்கத்தால் நம் கை முதலில், “திரும்பப் பெறப்படுகின்றன” என்றே எழுதியது. அவ்வாறு எழுதினால் பெறுபவர் யார் என்பது தெரியாது. பழித்தபோது ஆள் இருந்து, வருந்தும்போது ஆள் மறைந்துவிடுவது அழகன்று. இறுதியாக, மீதமுள்ள வேலை இன்னதென்றும் அதற்கு நாள் இன்னதென்றும் சொல்லப்பட்டிருக்கிறது. “மன்னித்துவிட்டதாகப் பதில் எழுதவும்” என்று நாம் கேட்கவில்லை. மன்னிப்பது அவருடைய உரிமை. அதனை நாள் குறித்து வசூலிக்க இயலாது.

திங்கட்கிழமை அவர் வந்தார். பதிவேடுகள் ஒரு துணியில் கட்டப்பட்டிருந்தன. பேரேடும் ரொக்கப் புத்தகமும் ஒரு பைசாவும் பிசகாமல் இருந்தன. பட்டியலையும் அன்றே கொடுத்துவிட்டார். புறப்படும்போது, “ஐயா, தாங்கள் எழுதிய இரண்டாவது கடிதத்தில் ஒரு குறை இருக்கிறது” என்றார். என்னவென்று கேட்டோம்.

“முதற் கடிதம் தலைவருக்கும் வந்தது. அவர் அன்றிரவே இரண்டு இயக்குநர்களுக்குக் காட்டிவிட்டார். இரண்டாவது கடிதம் எனக்கு மட்டுந்தான் வந்தது. ஊரில் நான் இன்னும் கணக்கை மறைத்தவனாகத்தான் இருக்கிறேன்.”

அவர் சட்டைப் பையில் அன்று ஒரு ராஜினாமாக் கடிதமும் இருந்தது என்பதைப் பின்னாளில் அவர் வாயாலேயே அறிந்தோம். விதைப்பு நடுவில் அவர் விலகியிருந்தால், அந்த ஈரத்தில் விதை பெறாமல் எத்தனை அங்கத்தினர்கள் நின்றிருப்பார்கள் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கிறோம். அன்று மாலையே மறுகடிதத்தின் நகலைத் தலைவருக்கு அனுப்பினோம். தலைவர் அதனை இயக்குநர்களுக்குக் காட்டினார். அலுவலகக் கோப்பில் முதற் கடிதத்தின் நகலுக்கு அடுத்த பக்கமாகவே மறுகடிதத்தின் நகலையும் சேர்த்தோம். நாம் மாறுதலாகிப் போன பின் வரும் ஆய்வாளர் அக்கோப்பைப் புரட்டும்போது, முதற் கடிதம் மட்டும் அவர் கண்ணிற் பட்டால் அப்பழி மீண்டும் உயிர்பெறுமல்லவா?

இதிலிருந்து நாம் கற்றது: பழிச்சொல் யார் யார் கண்ணில் பட்டதோ அவர்கள் அனைவரும் மறுசொல்லையும் காணவேண்டும். நான்கு பேர் நடுவில் சொன்னதைத் தனியே அழைத்துத் திரும்பப் பெறுவது போதாது. அதேபோல், ஒருவரிடம் தனியே சொன்னதை ஊரறியத் திரும்பப் பெறுவதும் கூடாது. அது இதுவரை அறியாதவர்களுக்கும் பழியை அறிவித்துவிடும்.

இனி, பெரியோர் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஜவஹர்லால் நேருவின் முயற்சியால், முழுச் சுதந்திரமே நாட்டின் குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. காந்தியடிகள் அதனை அவசரத்தில் செய்யப்பட்டதாகக் கருதினார். 1928 ஜனவரி 4ஆம் தேதி நேருவுக்கு எழுதிய கடிதத்திலும், ‘யங் இந்தியா’ இதழிலும் அதனைக் கண்டித்தார். நேருவுக்கு மனம் கொதித்தது. ஜனவரி 11ஆம் தேதி அவர் எழுதிய பதில், அத்தீர்மானத்தோடு நிற்காமல், காந்தியடிகளின் தலைமையையும் கொள்கைகளையுமே கேள்வி கேட்பதாக இருந்தது.

காந்தியடிகள் 17ஆம் தேதி விடை எழுதினார். நம்மிடையே வேற்றுமை இவ்வளவு பெரிதாக இருக்குமானால், அதனை மறைக்க வேண்டியதில்லை. வெளியிடத்தக்க ஒரு கடிதமாக எழுதி அனுப்பினால் தம் பத்திரிகையிலேயே அச்சிடுவதாகத் தெரிவித்தார். தம் சொல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நேரு அப்போது உணர்ந்தார். 23ஆம் தேதி அவர் எழுதிய மறுகடிதம் வேறு குரலில் அமைந்தது. தாம் காந்தியடிகளின் அரசியற் பிள்ளையே என்றும், சொல்வழி நில்லாத பிள்ளையாக இருக்கலாமேயன்றி உறவு முறிவதற்கு இடமில்லை என்றும் அதில் எழுதினார்.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நேரு தம் கருத்தைக் கைவிடவில்லை. உறவை முறிக்கும் தன்மை வாய்ந்த குரலையே கைவிட்டார். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸுக்குத் தலைமை வகிக்க நேருவின் பெயரை முன்வைத்தவர் காந்தியடிகளே. முழுச் சுதந்திரத் தீர்மானம் அங்கே காந்தியடிகளின் ஒப்புதலோடு நிறைவேறியது. மறுகடிதம் எழுதினால் நம் கட்சி தோற்றுவிடும் என்று அஞ்சுவோர் இந்த இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் நல்லெண்ணத்தின் வேகத்தில் விழக்கூடிய குழி ஒன்று உண்டு. அது பணம் பற்றியது. நம் நெசவாள அங்கத்தினர்களுக்குப் பழகிய ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் வாங்கிச் சென்றவர் துணியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எடை போட்டால், வாங்கிய நூலுக்கும் கொடுத்த துணிக்கும் கழிவு போக முக்கால் கிலோ குறைகிறது. மேலாளர் சினங்கொண்டு, சங்கத்தின் கைப்பேசிக் குழுவிலேயே, “நூலை விற்றுத் தின்பவர்களுக்கு இனி நூல் இல்லை” என்று எழுதிவிடுகிறார்.

பிறகு ஆராய்ந்தால், நூல் கொடுத்தது அடைமழைக் காலத்தில். துணி வந்தது நல்ல வெயிலில். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த நூலின் எடையில் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் இருப்பதே வாணிபத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதாவது, முற்றும் உலர்ந்த 10 கிலோ நூல் சாதாரணமாக 10 கிலோ 850 கிராம் நிறுக்கும். ஈரக்காற்றில் அதற்கு மேலும் நிறுக்கும், கடும் வெயிலில் குறையும். ஆகவே குறைந்த எடையில் ஒரு பகுதி களவு போனதன்று, காற்றோடு போனதாகும். எஞ்சிய பகுதி மெய்யான குறைவாகவும் இருக்கலாம்.

இந்நிலையில் மேலாளர் வெட்கமுற்று, “நடந்ததை மறந்துவிடுவோம், அந்த நூல் பாக்கியையும் விட்டுவிட்டோம்” என்று எழுதினால் என்ன ஆகும்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 63ஆம் பிரிவின்படி, தமக்கு வரவேண்டியதை ஒருவர் முழுவதுமோ பகுதியோ விட்டுக்கொடுக்கலாம். தவணையை நீட்டிக்கவும் செய்யலாம். அதற்குக் கைம்மாறு தேவையில்லை. எனவே அன்பினால் எழுதிய அவ்வரி, பாக்கியைத் தள்ளிக் கொடுத்ததற்குச் சான்றாக நீட்டப்படலாம். மேலாளருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற வழக்கு வேறு கிளம்பும். சங்கத்தின் பொருள் மேலாளருடையதன்று. எல்லா அங்கத்தினர்களுடையதும் ஆகும். அதனை விட்டுக்கொடுப்பது நிர்வாகக் குழுவின் தீர்மானத்துக்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டது.

ஆதலின் அவர் எழுதவேண்டியது இவ்வளவே: “நேற்றுக் குழுவில், நூலை விற்றதாக எழுதியது தவறு, அதனைத் திரும்பப் பெறுகிறேன், வருந்துகிறேன். எடை வேறுபாட்டை, நூல் கொடுத்த நாளின் ஈரத்தையும் கணக்கிற்கொண்டு, அவர் முன்னிலையிலேயே பார்ப்போம்.” பழி போயிற்று, கணக்கு நின்றது.

கைப்பேசிச் செய்தியைப் பற்றி ஒரு சொல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். இரண்டு நாளுக்குச் சற்று மேலான காலம் வரை எல்லோருடைய பார்வையிலிருந்தும் நீக்கலாம். ஒருவரும் காணுமுன் நீக்கிவிட்டால் நல்லதே. ஆனால் நீக்கிய இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு நின்றுகொண்டிருக்கும். பார்த்தவர் பார்த்தவரே, சிலர் படம் பிடித்தும் வைத்திருப்பர். வாய்பேசாமல் நீக்கிவிட்டு ஒதுங்கினால், எழுதியவர் தவற்றை உணர்ந்தாரா, அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சினாரா என்பது விளங்காது. ஆகவே, சிலராவது பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால், திரும்பப் பெறும் வரிகளை முதலில் அதே குழுவில் இட்டு, அதன் பின்னரே பழைய செய்தியை நீக்குதல் நன்று.

மறுகடிதத்தை எப்போது அனுப்புவது என்று கேட்கலாம். சினம் தணிந்தவுடன் அனுப்ப வேண்டும். ஆனால் உண்மையைச் சரிபார்க்காமல் அனுப்பலாகாது. நாம் அன்று காலை செய்திகளைச் சரிபார்க்காமல் எழுதியிருந்தால், “மூன்று முறை நினைவூட்டினோம்” என்ற பிழை மறுகடிதத்திலும் ஏறியிருக்கும். அப்பால் அதற்கும் ஒரு மறுகடிதம் வேண்டியிருக்கும். இரண்டு முறை திரும்பப் பெறும் சொல்லுக்கு மதிப்பு ஏது?

உறவு சீர்ப்பட்டதா என்பதைப் பதிலின் இனிமையைக் கொண்டு அறிய இயலாது. மரியாதைக்காக எவரும் “பரவாயில்லை” என்று எழுதுவர். அவர் பழைய முறையில் பேசுகிறாரா, கேளாமலே தம் சங்கடம் ஒன்றை நம்மிடம் சொல்லுகிறாரா என்பதே அறிகுறி. கேட்டதற்கு மட்டும் கோப்பு மொழியில் விடை வருமாயின் புண் ஆறவில்லை என்று பொருள். அப்போது மூன்றாம் கடிதம் எழுதலாகாது. திரும்பத் திரும்ப வருந்துவது அவரை மன்னிக்கும்படி நெருக்குவதாகும். ஏதேனும் வேலையை முன்னிட்டு நேரில் சென்று, அவ்வேலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும்.

நம் செயலாளரைப் பொறுத்தவரை, மார்கழி மாதம் வரை அவர் செய்திகளில் “கண்டேன்” என்ற ஒரு சொல்லே வந்துகொண்டிருந்தது. தை பிறந்து சில நாட்களுக்குப் பின் ஒரு காலையில், “ஐயா, வணக்கம். உளுந்து களத்துக்கு வந்துவிட்டது. சாக்கு போதவில்லை, பக்கத்துச் சங்கத்தில் கேட்டுச் சொல்ல இயலுமா?” என்று எழுதினார். அன்று மாலைக்குள் சாக்குகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம்.